ஒரே கை, ஒரே பதில்

ஒரு சீட்டைக் கையில் எடுத்ததும் அக்கா முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஓரத்தைப் பிடித்து ஒரு திருப்பு. பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. அடுத்த சீட்டுக்கும் அதே திருப்பு. "பெட்டியில போடும்போதுதான் சிலருக்கு நிஜமான விஷயம் ஞாபகம் வரும். அப்ப முன்னாடி இடம் இருக்காது" என்பார். பிறகு முன்பக்கத்தை ஒருமுறை உதடு அசைய வாசிப்பார், இன்னொரு முறை உதடு அசையாமல். அதற்கப்புறம்தான் விரல் நீளமே மிஞ்சியிருக்கும் அந்தப் பென்சிலை எடுத்து, வலது மேல் மூலையில் ஓர் எண்ணைப் போடுவார். பேனாவால் போட்டு நான் பார்த்ததில்லை. எந்த முடிவையும் அழிக்க முடிகிற மாதிரி வைத்திருப்பவர் என்றுதான் அவரைப் பற்றி வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டயர் கடைக்கு மேலே, மாடிப்படி முடியும் இடத்தில் எங்கள் அலுவலகம். சார், அக்கா, நான் என மூன்றே பேர். கம்பெனிகளும் பள்ளிகளும் குடியிருப்புச் சங்கங்களும் தங்கள் ஆட்களிடம் கருத்துக் கேட்கும். 'ஆம், இல்லை' கேள்விகளைக் கணினியே கூட்டிவிடும். கடைசியில் கோடு போட்டு இடம் விட்டு, 'உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்' என்று ஒரு கேள்வி இருக்கும் அல்லவா, அது எங்களிடம் மூட்டையாக வரும். அறுநூறு பேர் அறுநூறு விதமாக எழுதியதை ஐந்தாறு விஷயங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றையும் சுமாராக எத்தனை பேர் சொன்னார்கள் என்று கொடுக்க வேண்டும். அந்த விஷயங்களுக்கு எங்கள் அறையில் 'கூடை' என்று பெயர். அக்காவுக்கு வெளியேயும் கூடை அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. கீழே டயர் கடைக்காரர், "என்ன கூடை அக்கா, இன்னைக்கு வியாபாரம் எப்படி?" என்று தினமும் கேட்பார். "உங்க கடையைப் பத்தி நாலு பேர் எழுதியிருக்காங்க, மேல வந்து படிங்க" என்று தினமும் பதில் வரும்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பள்ளிப் படிப்போடு நின்றவர். இருபது வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்ய வந்து, தட்டச்சு செய்வதைப் படிக்கவும் செய்ததால் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். "என் கண்ணு கெடறதும் அவர் பொழைக்கறதும் ஒரே வீட்டுல நடக்குது" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். கணவரின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், அதே வீட்டில் கீழ் அறையில் இருந்தார். கணவனை இழந்தவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவுப் பணி.

அந்த ஆஸ்பத்திரியின் சீட்டுகள்தான் ஒருநாள் எங்களுக்கு வந்தன.

அவற்றைக் கொண்டுவந்தவர் அங்கே ஊழியர் பிரிவுக்கு மேலாளர். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாலும் அதை நம்மைப் புண்படுத்தாமல் செய்கிற பெண்மணி. 'இங்கே மாற்ற வேண்டியது என்ன?' என்ற ஒரே கேள்வி. அறுநூற்று முப்பத்தெட்டு சீட்டுகள். பெயர் இல்லை, பிரிவு இல்லை. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்து வாங்கியவை.

"அஞ்சு விஷயம் போதும் சார். கமிட்டியில ஆறாவது பக்கத்தைத் திருப்ப மாட்டாங்க" என்றார் மேலாளர். எழுந்தபின் நினைவு வந்தவர் போல, "இன்னொண்ணு. காலைல அஞ்சரை ஷிப்டுக்கு ஆளுங்களை ஏத்திட்டு வர்ற வேன் ஒண்ணு இருக்கு. ரத்த சாம்பிள் கொண்டுபோக லேப் அதைக் கேக்குது. ஊழியர்களுக்கு அது முக்கியம்னா இந்த அஞ்சுல வந்துடும். வரலைன்னா லேபுக்குக் குடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அந்த வேனில்தான் அவருடைய நாத்தனார் போகிறார் என்பது எனக்கும் சாருக்கும் தெரியும். மேலாளருக்குத் தெரியாது.

அவர் படியிறங்கியதும் சார், "உனக்குக் கஷ்டமா இருந்தா தம்பி மட்டும் பண்ணட்டும்" என்றார்.

"எனக்கென்ன கஷ்டம்? சீட்டுக்கு நாத்தனார் ஏது, மாமியார் ஏது" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார், "அண்ணி, எங்க சீட்டெல்லாம் உங்க ஆபீசுக்குத்தான் வந்திருக்காமே" என்று ஆரம்பித்திருக்கிறார். "அதைப் பத்தி இந்த வீட்டுல ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று அக்கா வெட்டிவிட்டார். "நான் என்ன..." "பேசாதன்னா பேசாத." அந்தம்மாவும் வாயை மூடிக்கொண்டார். இதை அக்காவே பின்னால் என்னிடம் சொன்னார், சொல்லும்போது அந்த இரண்டாவது 'பேசாத'வை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வேலை எப்போதும்போலத்தான் தொடங்கியது. மேசை முழுக்கச் சீட்டுகளைக் கொட்டி, இரண்டு கையாலும் கலைத்தோம். ஒரே மாடியில் எழுதியவை ஒரே கட்டாக இருந்தால், முதல் கட்டைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியே இதைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிடுவோம். கலைத்தபின் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டோம். நான் எல்லாவற்றையும் கணினியில் எழுத்துப் பிசகாமல் ஏற்றினேன். அக்கா முதல் நூறு சீட்டுகளை மட்டும் படித்து, தென்பட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதினார். இருபத்து மூன்று வந்தன. அவற்றைச் சேர்த்துச் சேர்த்து ஐந்தாக்கினார். ஒவ்வொரு கூடையிலும் எது விழும், எது விழாது என்று பக்கத்திலேயே ஒரு வரி. ஷிப்டு விவரம் கடைசி நேரத்தில் சொல்வது; உட்கார இடம் இல்லாதது; லிப்ட்; கேன்டீன்; மேற்பார்வையாளர்களின் கத்தல். எதிலும் சேராதவை 'இதர'. ஒரே சீட்டு இரண்டு விஷயம் சொன்னால் இரண்டு கூடையிலும் விழும்; அதனால் கூடைகளைக் கூட்டினால் ஆட்களின் எண்ணிக்கையை விட அதிகம் வரும். இதைச் சாருக்கு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக விளக்க வேண்டும். 'இதர' பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதை மறுபடி கொட்டிப் பார்க்க வேண்டும், உள்ளே ஒரு கூடை ஒளிந்திருக்கலாம். இதுவும் எங்கள் வழக்கம்.

இன்னொரு வழக்கம் சுவரிலேயே ஒட்டியிருந்தது. 'ஒரே கை, ஒரே பதில்.'

அதற்கு ஒரு கதை உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு குடியிருப்புச் சங்கத்துக்காகச் சீட்டுகளைப் பிரித்தபோது, முப்பத்தொரு பேர் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதை முதல் கூடையாக்கி அறிக்கை கொடுத்தாயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, முப்பத்தொன்றையும் எழுதியவர் ஒரே ஆள், மூன்றாவது மாடி. ஆள் கெட்டிக்காரர். ஒவ்வொரு சீட்டிலும் ஓரிரு சொற்களை மாற்றியிருந்தார். சங்கத்தார் வந்து சாரைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனார்கள். சார் அக்காவைத் திட்டினார். "கண்ணாடி போட்டுக்கிட்டு என்னத்தைப் பாத்த?" என்று கேட்டாராம். அன்றைக்கு அந்த நான்கு சொற்களைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவர் அக்காதான்.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் அந்தக் கையெழுத்தை நான்தான் முதலில் பார்த்தேன். தட்டச்சு செய்கிறவன் நான். நீல மை, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, முற்றுப்புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம். 'காலை வண்டி வேண்டும். நாய்.' இருபது சீட்டு தள்ளி, 'காலை வண்டி வேண்டும். இருட்டு.' அப்புறம் 'முழங்கால்.' 'கைக்குழந்தை.' 'பாலம்.' 'பள்ளிக்கூடம்.' முன்வரி மாறாமல் ஒவ்வொன்றிலும் கடைசி ஒரு சொல் மட்டும். சில சொற்கள் இரண்டு மூன்று தடவை வந்தன. எனக்கு அவை பிடித்துப்போயின. நான் அப்போது கவிதைகள் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சொற்களை என் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தன. 'நாய்' என்று ஒருவர் சொன்னார் என்றால் அவரை ஏதோ ஒரு நாய் ஏதோ ஒரு தெருவில் துரத்தியிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. முற்றுப்புள்ளி வட்டமாக இருந்ததைத்தான் கவனித்தேன்.

கூடை பிரிப்பதை நானும் அக்காவும் தனித்தனியாகச் செய்வோம், ஒருவர் போட்ட எண்ணை மற்றவர் பார்க்காமல். அக்கா காகிதத்தைப் பார்த்து. நான் திரையைப் பார்த்து. முடிந்தபின் ஏதாவது நூறு சீட்டை எடுத்து, எத்தனையில் இருவரும் ஒன்றுபோல் போட்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தொண்ணூறுக்கு மேல் வந்தால் கூடைகள் தெளிவாக இருக்கின்றன என்று அர்த்தம்.

அந்த முறை எண்பத்து நான்கு வந்தது.

"என்ன தம்பி, தூங்கிக்கிட்டே போட்டியா?" என்றார் அக்கா.

பதினாறு வித்தியாசங்களை மேசையில் பரப்பினோம். ஏழு சாதாரணமானவை. 'உட்காரும் இடத்தில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கத்துகிறார்' என்பதை அவர் கத்தலில் மட்டும் போட்டிருந்தார், நான் இடத்தில் மட்டும். இரண்டிலும் போடலாம் என்று தீர்ந்தது. மீதி ஒன்பதும் நீல மைச் சீட்டுகள். நான் ஒவ்வொன்றையும் 'இதர'வில் போட்டு 'காலை வண்டி' என்று குறித்திருந்தேன். அக்கா எல்லாவற்றிலும் மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். கழித்துவிடு என்று பொருள்.

"மொத்தம் எத்தனை இப்படி?" என்றார்.

கணினியில் தேடினேன். "அம்பத்தாறு அக்கா."

"வேற கையில வண்டி கேட்டவங்க?"

"பதினேழு."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. "அந்தக் கார்க்காரனும் இப்படித்தான், கடைசியில ஒரு வார்த்தையை மாத்தி மாத்தி வெச்சான்" என்றார். பிறகு தணிந்த குரலில், "நான் இதைச் சேத்துக்கிட்டேன்னா, நாளைக்கு நாத்தனாருக்காகச் சேத்தேன்னு ஆகும். நீ சொல்லு. உனக்கு என்ன தோணுது?"

எனக்கு ஏதோ தோன்றியதுதான். கார்க்காரர் மாற்றியவை 'மிகவும்', 'ரொம்ப', 'அவசரமாக' போன்ற சொற்கள். இவை அப்படி இல்லை. ஒரே ஆளுக்கு முழங்காலும் கைக்குழந்தையும் எப்படி இருக்கும்? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஒன்றை மறுத்துப் பேச எனக்கு எப்போதும் ஒரு நாள் தேவைப்படும்.

"நீங்க சொல்றதுதான் சரிக்கா" என்றேன்.

ஐம்பத்தாறும் ஒரு பதிலாயிற்று. மீதி ஐம்பத்தைந்தைக் கழித்து, மொத்தச் சீட்டு ஐந்நூற்று எண்பத்து மூன்று என்று போட்டோம். வண்டி பதினெட்டு. அது இன்னும் இருபத்தொன்பது உதிரிகளோடு 'இதர'வுக்குள் போனது. நாற்பத்தேழு. பத்தில் ஒரு பங்கு வரவில்லை, ஆகவே கொட்டிப் பார்க்கவும் இல்லை. ஐந்தாவது கூடையான கத்தல் அறுபத்தாறு. அறிக்கையில் எண்களை ஐந்தின் மடங்காக்கினோம்: சுமார் 160, 130, 110, 95, 65. சுமார் என்று போடுவது நேர்மைக்காக. கை எழுதியதை அவ்வளவு துல்லியமாக எண்ண முடியாது என்பதை ஒப்புக்கொள்வதற்காக.

மூன்று வாரம் கழித்து, மாதம் பிறந்தபோது வேன் நின்றது.

அக்கா அதைப் பற்றி அலுவலகத்தில் பேசவில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது என்று ஊகித்தேன், ஏனென்றால் அவர் தொலைபேசியில் கணவரிடம், "நீங்களே உங்க தங்கச்சிகிட்டக் கேளுங்க" என்று இரண்டு தடவை சொன்னது காதில் விழுந்தது. பிறகு ஒருநாள், கீழே டயர் கடைக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டும் பதில் சொல்லாமல் மேலே வந்தார். பையை வைக்கும் முன்னே அலமாரியைத் திறந்து ஆஸ்பத்திரி மூட்டையை எடுத்தார்.

"என்னக்கா?"

"அம்பத்தாறுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. நீ சொன்னியா?"

"இல்லக்கா."

முந்தின நாள் சாயங்காலம் நாத்தனார் வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். விடியுமுன் எழுந்து, ஐம்பது நிமிடம், பாலத்தைத் தாண்டி நடை. அக்கா பக்கத்தில் போய் நின்றதும் அந்தம்மா நிமிராமலே, "எங்க அம்பத்தாறு பேரு சொன்னதும் காத்துல போச்சு அண்ணி" என்றாராம்.

"அம்பத்தாறுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே எண்ணினேன். சலவை அறையில வரிசையா நின்னோம். எங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு எழுத வராது. எனக்கு வரும், ஆனா என் எழுத்து எனக்கே புரியாது. துணிக்கணக்கு எழுதற பொண்ணுதான் எல்லாருக்கும் எழுதிச்சு. ஒவ்வொருத்தியும் கதை கதையாச் சொன்னாளுங்க. அந்தப் பொண்ணு, 'அக்காங்களா, சீட்டு சின்னது, நேரமும் இல்ல, ஏன் வேணும்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க'ன்னுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"பாலம்."

அக்கா இதைச் சொல்லி முடித்துவிட்டு ஐம்பத்தாறையும் தேடி எடுத்து மேசையில் பரப்பினார். பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தார். ரப்பர் தூள் மேசையெல்லாம் விழுந்தது. 'பாலம்' மூன்று சீட்டில் இருந்தது. எது நாத்தனாருடையது என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

"நம்ம செய்யறதையேதான் அந்தப் பொண்ணும் செஞ்சிருக்கு" என்றார். "நம்மளை விட ஒழுங்கா. ஒருத்தியையும் விடலை."

நான் என் நோட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஐம்பத்தாறும் பதினேழும் எழுபத்து மூன்று. அறுநூற்று முப்பத்தெட்டில் ஒன்பதில் ஒருவர். கத்தலை விட அதிகம். ஐந்தாவது கூடை அதுதான். சார் வந்ததும் அக்கா தாளை நீட்டினார்.

"ஒரு கூடைக்காகக் கடையையே கவிழ்க்கச் சொல்றியா?" என்றார் சார். "குடுத்த அறிக்கையைத் தப்புன்னு நம்மளே சொன்னா, அடுத்த தடவை யார் வருவாங்க?"

"தப்பு என்னோடதுன்னு எழுதறேன் சார். உங்க பேர் வேண்டாம்."

"உன் பேரை அங்க யாருக்குத் தெரியும்? என் பேரைத்தான் போடணும்." ஜன்னலோரம் போய் நின்று கீழே டயர் அடுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தம்பியையும் கூட்டிட்டுப் போ. ஒண்டியா போகாத. அவங்க இனிக்க இனிக்கப் பேசுவாங்க" என்றார்.

மேலாளரின் அறையில் குளிர் அதிகம். எங்களுக்குத் தேநீர் வந்தது. திருத்தத் தாளை அவர் முழுதாகப் படித்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். அவசரப்படாமல் கேட்டார்: "இந்த அம்பத்தாறும் தனித்தனி ஆளுங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சவங்க சொன்னாங்க."

"யாரு?"

அக்கா தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எழுதினவங்க யாருன்னு சொல்லுங்க. கூப்பிட்டுக் கேட்டுட்டு நான் கமிட்டியில வெக்கறேன். இல்லாட்டி அந்த அம்பத்தாறு பேர் வந்து கையெழுத்துப் போடட்டும். கைநாட்டானாலும் சரி."

"பேர் தெரியாதுன்னு சொல்லி வாங்கின சீட்டு மேடம்."

"நான் தண்டிக்கக் கேக்கலைங்க. ஆதாரம் கேக்கறேன்."

"புரியுது. ஆனா சொல்ல முடியாது."

மேலாளர் எங்கள் பழைய அறிக்கையைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் அக்காவே எழுதியிருந்த வழிமுறைக் குறிப்பில் விரலை வைத்தார். "அப்போ உங்க விதிப்படி இது இன்னமும் ஒரே பதில்தானே?"

அக்காவின் கை மேசைமேல் வைத்திருந்த நீல மைச் சீட்டுக் கட்டை ஒருமுறை திருப்பியது. அன்றைக்கு நான் பேசினேன், ஒரு மாதம் தாமதமாக.

"காரணம் ஒவ்வொண்ணுலயும் வேற மேடம். ஒரே ஆளா இருந்தா இத்தனை காரணம் இருக்காது" என்று சொல்லி, நாய், இருட்டு, முழங்கால், கைக்குழந்தை என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். இருபது சொன்னபின் மூச்சு வாங்கியது. மேலாளர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பாவமாத்தான் இருக்கு" என்றார். உண்மையாகவே சொன்னார். "ஆனா வேன் லேபுக்குப் போயாச்சு. டிரைவரையும் மாத்தியாச்சு. ஒண்ணு பண்றேன். அடுத்த வருஷம் காலைப் போக்குவரத்தைத் தனிக் கேள்வியாவே போட்டுடறேன். திருத்தத்தையும் கோப்புல சேத்துடறேன்."

வெளியே வந்து படியிறங்கும்போது துப்புரவுச் சீருடையில் இரண்டு பெண்கள் வாளியோடு எதிரில் வந்தார்கள். அக்கா ஒதுங்கி வழிவிட்டார். அவர்கள் கடந்துபோனபின்னும் சுவரோரமாகவே நின்றார். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல. இதுல யாரு நாய், யாரு முழங்கால்னு பாத்தேன்" என்றார்.

அலுவலகத்துக்கு வந்ததும் சுவரில் இருந்த தாளைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. "விதி தப்பில்லை. கார்க்காரன் இன்னும் உயிரோடதான் இருக்கான்" என்றார். அதன் கீழே பென்சிலால், 'கேட்டுவிட்டு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். யாரைக் கேட்பது என்று சார் கேட்டதற்கு, சீட்டு வாங்கின இடத்தில் எழுத வராதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேட்பது என்றார். அதன்பின் எந்தக் கம்பெனி மூட்டை கொண்டுவந்தாலும், பணிவாக, விடாமல், அதைக் கேட்டார். சிலர் எரிச்சல்பட்டார்கள். ஒருவர் மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்.

மேலாளர் சொன்ன வார்த்தை தவறவில்லை. அடுத்த வருடம் அதே ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வந்தன, தனிக் கேள்வியோடு: 'காலை ஷிப்டுக்கு வண்டி வசதி தேவையா? ஏன்?' இந்த முறை எழுத வராதவர்களுக்காக எழுதித்தர ஆளும் போட்டிருந்தார்கள். ஒரே கையில் வந்த சீட்டுகளை நாங்கள் ஒன்றையும் கழிக்கவில்லை. நான் எண்ணி முடித்தேன். தேவை என்றவர்கள் ஒன்பது பேர். 'தேவையில்லை, நடக்கும் தூரம்தான்' என்பது பெரிய கூடையாக வந்திருந்தது.

எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "அக்கா, பாருங்க. ஒன்பதே பேர்தான். பழகிக்கிட்டாங்க போல."

அக்கா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எண்ணிக்கை சரிதானா?"

"ரெண்டு தடவை எண்ணினேன்."

"அப்போ எழுது" என்றார்.

எழுதினோம். மேலாளர் தொலைபேசியில் சாருக்கு நன்றி சொன்னார். கமிட்டிக்கு நிம்மதி என்றும், லேபுக்கு வேனை நிரந்தரமாகவே கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். சார் அன்று எங்களுக்குக் கீழேயிருந்து தேநீர் வரவழைத்தார். அக்கா குடிக்கவில்லை, ஆறிவிட்டது என்றார்.

அந்த ஐம்பத்தாறு பேரில் முப்பத்தெட்டு பேர், வேன் நின்றபின் வந்த முதல் மழைக்காலம் முடியுமுன்பே வேலையை விட்டிருந்தார்கள். வண்டி கேட்ட மற்றவர்களிலும் பெரும்பாலோர் அடுத்த மூட்டை வருவதற்குள் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது, வீடு ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாம். இல்லை என்றவர்களை எடுக்கவே இல்லை. இரண்டாவது அறிக்கை போய் ஆறு மாதம் கழித்து, அக்கா காய்ச்சலில் கிடந்தபோது அலுவலகச் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த நாத்தனார் வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். "அண்ணிக்குத் தெரியுமே. உங்க ரெண்டாவது மூட்டை வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேனே" என்றார்.